மூன்று மீட்டரா, மூன்றரை மீட்டரா?

ஒரு மாடிப்படிக்கு நீளம் இரண்டு. படி தொடங்கும் இடத்திலிருந்து லேண்டிங் வரைக்கும் தரையிலேயே டேப் பிடித்து அளந்தால் ஒன்று வரும். படிக்கு அடியில் குனிந்து போய், சாய்ந்து இறங்கும் கான்கிரீட்டின் மேலேயே டேப் வைத்து அளந்தால் இன்னொன்று வரும். முதலாவது கிடைநீளம், இரண்டாவது சாய்வுநீளம். இரண்டுமே சரியான அளவுகள்தான். ஆனால் படிக்கட்டு எவ்வளவு எடை தாங்க வேண்டும், எவ்வளவு கம்பி போட வேண்டும் என்று கணக்குப் போடும்போது எந்த இடத்தில் எந்த நீளத்தை எடுப்பது என்பதில் சிவில் படிக்கிற மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். கட்டட வரைபடங்களிலும் அந்தத் தடுமாற்றம் சில சமயம் தெரிகிறது. வீடு கட்டுகிற எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

நம் ஊரில் வழக்கமாகக் கட்டும் ஒரு படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து முதல் மாடி 3 மீட்டர் உயரம். ஒவ்வொரு படியும் 15 சென்டிமீட்டர் ஏறுகிறது. கால் வைக்கும் இடம், அதாவது ட்ரெட், 25 சென்டிமீட்டர். மொத்தம் 20 ஏற்றங்கள். லேண்டிங்குக்கு அடியில் மோட்டாரோ இன்வெர்ட்டரோ வைக்க இடம் வேண்டும் என்பதற்காக முதல் அடுக்கில் 13 ஏற்றங்களும், திரும்பியபின் 7 ஏற்றங்களும் வைக்கிறார்கள். நமக்கு அந்த முதல் அடுக்கு போதும். 13 ஏற்றங்களுக்கு இடையே 12 ட்ரெட் வரும், ஏனென்றால் 13ஆவது ஏற்றம் ஏறினால் கால் லேண்டிங்கில் இருக்கும். 12 ட்ரெட் என்றால் கிடையாக 3 மீட்டர். அதே 12 படிகளில் ஏறும் உயரம் 1.8 மீட்டர். இந்த இரண்டையும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம்தான் சாய்வுநீளம்: 3.5 மீட்டர்.

இந்த அடுக்கின் கீழ்முனையில் ஒரு பீம், மேல்முனையில் லேண்டிங்கைத் தாங்கும் ஒரு பீம். இரண்டு பீம்களின் நடுக்கோட்டுக்கும் இடையே கிடையாக 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கும் சாய்வான கான்கிரீட் பலகைக்கு வெய்ஸ்ட் ஸ்லாப் என்று பெயர். படிகள் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் முக்கோணக் கட்டிகள், அவ்வளவுதான். எடையைச் சுமந்து இரு முனைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வெய்ஸ்ட் ஸ்லாப். இரண்டு பீம்களுக்கு நடுவே சாய்த்துப் போட்ட ஒரு அகலமான உத்தரம் என்று அதைச் சொல்லலாம். பக்கச்சுவரிலிருந்து தனித்தனியே நீட்டிக்கொண்டிருக்கும் படிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு படியும் தானே ஒரு உத்தரம். சாய்வுக்கு வேலையே இல்லை.

இப்போது எடைக்கு வருவோம். படிக்கட்டின் மேல் வரும் சுமைகளில் இரண்டு வகை உண்டு. ஓட்டுக்கூரையை நினைத்துப் பாருங்கள். கூரையைச் செங்குத்தாக ஏற்ற ஏற்ற ஓடுகள் அதிகம் தேவைப்படும், ஏனென்றால் ஓடு சாய்வை மூடுகிறது. ஆனால் அந்தக் கூரையின்மேல் விழும் மழை கூடாது. வீடு தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதற்குத்தான் மழை விழும். படிக்கட்டிலும் வெய்ஸ்ட் ஸ்லாப்பின் சொந்த எடை ஓடு மாதிரி. அது சாய்வுநீளத்தோடு கூடும். ஏறி இறங்கும் மனிதர்களின் எடை மழை மாதிரி. மனிதர்கள் சாய்வில் நிற்பதில்லை, கிடையான ட்ரெட்டில் நிற்கிறார்கள். 12 ட்ரெட்டில் எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை பேர்தான். ஏற்றத்தை 15 சென்டிமீட்டரிலிருந்து 18 ஆக்கினால் கூடுதலாக ஒருவர்கூட நிற்க இடம் வராது. அதனால்தான் இந்தியத் தரநிலை IS 875 வீட்டு மாடிப்படிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ நடமாட்டச் சுமை என்று சொல்லும்போது, அந்தச் சதுர மீட்டரை மேலிருந்து பார்த்தால் தெரியும் கிடைப்பரப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆக, ஒரு சுமை சாய்வின்மேல் கொடுக்கப்பட்டிருக்கிறது, மற்றது கிடைப்பரப்பின்மேல். அவற்றை அப்படியே கூட்டக் கூடாது. ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்டலாம். கிடைநீளத்துக்குக் கொண்டுவருவதுதான் வசதி.

வெய்ஸ்ட் ஸ்லாப் 15 சென்டிமீட்டர் கனம் என்று வைப்போம். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2500 கிலோ. எனவே சாய்வின்மேல் ஒரு சதுர மீட்டருக்கு 375 கிலோ. இது 3.5 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது, ஆனால் கிடையில் 3 மீட்டர் இடத்துக்குள் அடங்குகிறது. அப்படியானால் கிடையில் ஒவ்வொரு மீட்டருக்கும் எடை நெருக்கமாகும். 375ஐ 3.5ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 437 கிலோ. மாற்றம் என்பது இவ்வளவுதான். சாய்வுநீளத்தைக் கிடைநீளத்தால் வகுத்தால் வரும் எண், இங்கே 1.166, அதால் பெருக்க வேண்டும். ஒரே ஒரு படியை வைத்தும் இந்த எண்ணைப் பிடிக்கலாம்: 15க்கும் 25க்கும் கர்ணம் 29.15, அதை 25ஆல் வகுத்தால் அதே 1.166.

இதையே இன்னொரு வழியிலும் பார்க்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும். வெய்ஸ்ட் ஸ்லாப்பின் கனம் 15 சென்டிமீட்டர் என்பது சாய்வுக்குச் செங்கோணத்தில் அளந்தது. அதே பலகையைத் தூக்குக்குண்டு தொங்கும் வாக்கில் நேராக வெட்டி அளந்தால் 17.5 சென்டிமீட்டர் இருக்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பலகை 17.5 சென்டிமீட்டர் கனமுள்ளது. 0.175ஐ 2500ஆல் பெருக்குங்கள். அதே 437 வரும்.

முக்கோணப் படிகளின் எடைக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம். ஒரு படி 25 சென்டிமீட்டர் ட்ரெட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது, சராசரி உயரம் ஏற்றத்தில் பாதி, அதாவது 7.5 சென்டிமீட்டர். அது ஏற்கெனவே கிடைப்பரப்பில் உள்ள கணக்கு: சதுர மீட்டருக்கு 188 கிலோ. படியைச் செங்கல்லில் கட்டினால் சற்றுக் குறையும். கிரானைட்டும் அதன் அடியில் போடும் கலவையும் சேர்ந்து 100 கிலோ என்று வைக்கலாம். மனிதர்கள் 300. எல்லாம் கூட்டினால் கிடைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1025 கிலோ.

இது சரிதானா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. எந்தப் பெருக்கலும் மாற்றலும் இல்லாமல், ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டின் மொத்த எடையை நேரடியாகப் போடுங்கள். வெய்ஸ்ட் ஸ்லாப் 3.5 மீட்டர் நீளம், 0.15 மீட்டர் கனம்: 1312 கிலோ. பன்னிரண்டு முக்கோணப் படிகள்: 562 கிலோ. கிரானைட்டும் கலவையும் 300, மனிதர்கள் 900. மொத்தம் 3074 கிலோ. இப்போது 1025ஐ 3 மீட்டரால் பெருக்குங்கள்: 3075. இரண்டும் ஒத்துப்போகின்றன. யார் போட்ட கணக்கானாலும், எந்த மென்பொருள் கொடுத்த விடையானாலும், இரு முனைகளிலும் இறங்கும் சுமையின் கூட்டுத்தொகை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் எங்கோ சாய்வுநீளமும் கிடைநீளமும் மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த கேள்விதான் பலரையும் குழப்புவது. எடை தெரிந்தது. அந்த எடை பலகையை எவ்வளவு வளைக்கப் பார்க்கும்? இன்ஜினியர்கள் மொமென்ட் என்று சொல்லும் இந்த வளைக்கும் விளைவுக்கு ஏற்பத்தான் கம்பி போடுகிறார்கள். இரு முனையும் தாங்கப்பட்ட உத்தரத்துக்கு, சுமை ஒரே சீராக இருந்தால், நடுவில் வரும் மொமென்ட்டுக்குச் சூத்திரம் `wL²/8`. `w` என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கான சுமை, `L` என்பது தாங்குமுனைகளுக்கு இடையிலான நீளம். இதில் `L` மூன்றா, மூன்றரையா?

உத்தரம் சாய்ந்திருக்கலாம். எடை சாய்வதில்லை. எல்லா எடையும் நேராகக் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. முனைகளில் பீம்கள் நேராக மேல்நோக்கித் தாங்குகின்றன. ஒரு விசை ஒரு புள்ளியைச் சுற்றி எவ்வளவு திருப்பும் என்பது அந்த விசைக்கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள குறுக்குத் தூரத்தைப் பொறுத்தது. விசைகள் எல்லாம் நேர்வாக்கில் இருக்கும்போது அந்தக் குறுக்குத் தூரம் கிடைத்தூரம்தான். படிக்கட்டின் நடுவில் நின்று கணக்குப் போட்டால், கீழ்முனையின் தாங்குவிசை 1.5 மீட்டர் கிடைத்தூரத்தில் இருக்கிறது. அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. ஆகவே கிடைச்சுமை 1025, கிடைநீளம் 3: மொமென்ட் 1153 கிலோ-மீட்டர். சாய்வு என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, கிடையாகக் கிடக்கும் 3 மீட்டர் உத்தரமாகவே இதைக் கணக்கிடலாம்.

நம்பிக்கை வராதவர்கள் சாய்வு வழியாகவே போய்ப் பாருங்கள். 1025 கிலோவைச் சாய்வின்மேல் பரப்பினால் மீட்டருக்கு 3/3.5 பங்கு, அதாவது 879 கிலோ. அதில் பலகையை வளைப்பது அதற்குச் செங்கோணத்தில் அழுத்தும் பகுதி மட்டும். மீதிப் பகுதி பலகையின் வழியே கீழ்நோக்கித் தள்ளுகிறது. செங்கோணப் பகுதி மறுபடியும் 3/3.5 பங்கு: 753 கிலோ. இப்போது நீளம் 3.5. 753ஐ 3.5இன் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 1153. கிலோகூட மாறவில்லை. சுமை இரண்டு முறை குறைந்தது, நீளம் வர்க்கமாகக் கூடியது, ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

தவறு நடப்பது இரண்டு வழிகளையும் பாதிப் பாதியாகக் கலக்கும்போது. கிடைச்சுமை 1025ஐ எடுத்துக்கொண்டு நீளத்துக்கு 3.5 போட்டால் 1570 வரும், தேவைக்கு 36 சதவீதம் அதிகம். கம்பிக் காசு வீண், படிக்கு ஆபத்தில்லை. இதன் எதிர்ப்பக்கம்தான் கவலைக்குரியது. ‘சாய்வாக இருக்கிறதே, செங்கோணப் பகுதி மட்டும்தானே வளைக்கும்’ என்று 1025ஐ 0.857ஆல் பெருக்கிக் குறைத்துவிட்டு, நீளத்துக்கு 3 மீட்டரையே வைத்தால் 988 வரும். 14 சதவீதம் குறைவு. பாதி உண்மையில் நின்றுவிட்ட கணக்கு இது. படித்தவர்களே செய்வது, ஏனென்றால் பார்க்க நியாயமாக இருக்கிறது. வெய்ஸ்ட் ஸ்லாப் எடையை 1.166ஆல் பெருக்க மறந்தால் வரும் பிழை 6 சதவீதம்தான், ஆனால் அதுவும் குறைவுப் பக்கம்.

கம்ப்யூட்டரில் போட்டால் பிழை வராது என்று நினைக்க வேண்டாம். ஸ்டாட் மென்பொருளில் சாய்ந்த உத்தரத்துக்குச் சுமை கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. `GY` என்று கொடுத்தால் அந்தச் சுமை சாய்வுநீளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். `PY` என்றால் கிடைநீளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும். நம் படிக்கட்டுக்குக் கிலோ நியூட்டன் கணக்கில் கீழுள்ள இரண்டு வரிகளும் ஒன்றே. ஒன்றை மட்டும்தான் கொடுக்க வேண்டும்:

```
12 UNI PY -10.25
12 UNI GY -8.79
```

இதில் 12 என்பது அந்த உத்தரத்தின் எண். 10.25ஐ `GY` என்று தட்டிவிட்டால் படிக்கட்டுக்கு மொத்தம் 3.6 டன் ஏறிவிடும். முனைகளில் வரும் விசையைக் கூட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, சொந்த எடையை மென்பொருளே போட்டுக்கொள்ளும்படி விட்டால் அது சாய்வுநீளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். அப்போது நாம் கொடுக்கும் 10.25இல் வெய்ஸ்ட் ஸ்லாப்பின் 4.37ஐக் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அதே எடை இரண்டு முறை ஏறும்.

கிடையாகவே பார்க்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அது மொமென்ட்டுக்குச் சரி; பலகை எவ்வளவு தொய்கிறது என்பதற்குச் சரியில்லை. தொய்வது 3.5 மீட்டர் நீளமுள்ள உண்மையான பலகை. அது தன் சாய்வுக்குச் செங்கோணத்தில் தொய்யும் அளவு, 3 மீட்டர் கிடையான பலகையின் தொய்வைப் போல 1.36 மடங்கு. அதை நேராகக் கீழ்நோக்கி அளந்தால் 1.166 மடங்கு. சாதாரண வீட்டுப் படியில் கனம் தாராளமாக இருப்பதால் இது தொல்லை கொடுப்பதில்லை. நீளமான, மெல்லிய படிக்கட்டில் மறக்கக் கூடாது. பலகையின் வழியே தள்ளும் விசையையும் கிடைக்கணக்கு காட்டாது. பீம்கள் நேராக மட்டும் தாங்குவதாக வைத்தால் அது கீழ்முனையில் 790 கிலோ அழுத்தமாகவும் மேல்முனையில் அதே அளவு இழுவிசையாகவும் வரும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 1500 சதுர சென்டிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ சொச்சம். பொருட்படுத்த வேண்டியதில்லை.

சாய்வு எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த 1.166 மாறும். 30 சென்டிமீட்டர் ட்ரெட், 15 ஏற்றம் என்று தாராளமாகக் கட்டினால் 1.118. இடம் போதாமல் 25க்கு 17.5 என்று ஏற்றினால் 1.22. பன்னிரண்டுக்கு ஒன்று என்று சக்கர நாற்காலிக்காகப் போடும் சாய்தளத்தில் 1.003தான், அங்கே யாரும் பெருக்க வேண்டாம்.

காகிதத்தில் இவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கு வேலையிடத்தில் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் காரணம் அதே சாய்வுதான். வெய்ஸ்ட் ஸ்லாப்பின் 15 சென்டிமீட்டர் கனம் சாய்வுக்குச் செங்கோணத்தில் அளக்க வேண்டியது. IS 456:2000 தரநிலையின் 33.3ஆவது பிரிவு, கனம் என்பது படிக்கட்டின் அடிப்பரப்புக்குச் செங்கோணத்தில் உள்ள மிகக் குறைந்த கனம் என்றே சொல்கிறது. ஆனால் சென்ட்ரிங் பலகையிலிருந்து படியின் உள்மூலைவரை டேப்பை நேராக நிமிர்த்திப் பிடிப்பது கைக்கு எளிது. அப்படி 15 சென்டிமீட்டர் அளந்து அச்சு அடித்தால் உண்மையான கனம் 12.9 சென்டிமீட்டர்தான் கிடைக்கும்.

இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அடிக்கம்பியின் நடுவிலிருந்து மேல் கான்கிரீட்வரை உள்ள ஆழம்தான் பலகையின் பலம். 2 சென்டிமீட்டர் கவரும் 10 மில்லிமீட்டர் கம்பியும் வைத்தால் அந்த ஆழம் 12.5 சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும், இப்போது 10.4. அதே கம்பிக்குப் பலம் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. கான்கிரீட் குறைந்ததால் மொத்தச் சுமை 6 சதவீதம் குறைந்திருக்கும், அது ஈடாகாது. வடிவமைப்பில் சுமையை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்வதால் படி உடனே விழுந்துவிடாது. ஆனால் வரைபடத்தில் 14 சதவீதப் பிழையும் வேலையில் இந்தப் பிழையும் ஒரே படிக்கட்டில் சேர்ந்தால், அந்த ஒன்றரை மடங்கில் கையிருப்பாக இருந்ததில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நடுப்பகுதியில் அடிப்பக்கம் குறுக்காக மெல்லிய வெடிப்புகள் தோன்றி, வருடத்துக்கு வருடம் அகலமானால் அதன் அறிகுறி என்று சந்தேகிக்கலாம். பூச்சு வெடிப்பும் அப்படித் தெரியும் என்பதால், கொஞ்சம் பூச்சைத் தட்டிப் பார்த்தபிறகே முடிவுக்கு வர வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்ஜினியரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். படிக்கட்டின் இரு முனைகளிலும் சேர்த்து எத்தனை கிலோ இறங்குகிறது என்று கேட்டு, மேலே போட்ட மாதிரி நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வெய்ஸ்ட் ஸ்லாப் கனத்தை வரைபடத்தில் சாய்வுக்குச் செங்கோணத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் நாள் காலையில், கலவை வருவதற்கு முன்னால், மேஸ்திரியிடம் மூலைமட்டம் வாங்கி அதன் ஒரு கையைச் சென்ட்ரிங் பலகையின்மேல் படுக்க வைத்து, மற்றக் கையோடு டேப்பைச் சேர்த்துப் பிடித்துப் படியின் உள்மூலைவரை அளந்து பாருங்கள். 15 சென்டிமீட்டர் வரவில்லையென்றால் அச்சை உயர்த்தச் சொல்லுங்கள். கலவை வந்து இறங்கிய பிறகு அதற்கு நேரம் இருக்காது.